விளம்பரமே வினாத்தாள்

கேள்வி: இன்டர்வியூவில் என்ன கேட்பார்கள் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி உண்டா?
— பி.காம். பட்டதாரி, பல்லடம்

உண்டு. வினாத்தாளை அவர்களே வெளியிட்டுவிட்டார்கள். நீங்கள்தான் சம்பளம் எவ்வளவு, கடைசித் தேதி என்ன என்று பார்த்துவிட்டு மூடி வைத்துவிட்டீர்கள்.

பனியன் கம்பெனி கணக்குப் பிரிவில் மேசைக்கு இந்தப் பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன், அந்தப் பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன். கேள்வி கேட்கிறவர் ராத்திரியெல்லாம் விழித்துக் கேள்வி தயாரிப்பதில்லை. எதிரே இரண்டு தாள் இருக்கும். ஒன்று உங்கள் ரெஸ்யூம். இன்னொன்று அந்த வேலை விவரம். விரலை அதன் மேல் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக இறங்கி வருவார். அந்த விரல் எங்கெங்கே நிற்கும் என்று வீட்டிலேயே கணக்குப் போட்டுப் பார்ப்பதுதான் தயாரிப்பு.

கேள்வி: ஈரோட்டில் ஒரு பெயின்ட் மொத்த வியாபாரியிடம் மூன்று வருடமாகக் கணக்கு பார்க்கிறேன். திருப்பூர் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றின் விளம்பரத்தைத் தமிழில் எழுதி அனுப்பியிருக்கிறேன். இதில் என்ன ஒளிந்திருக்கிறது?
— கணக்குப் பிரிவு வாசகி, ஈரோடு

ஒளிந்திருப்பதைப் பார்க்கும் முன் வெளியே தெரிவதை மற்றவர்களும் பார்க்கட்டும். அம்மணி அனுப்பிய விளம்பரம் இது:

1. மாதாந்திர ஜிஎஸ்டி ரிட்டர்ன்களைத் தனியாகத் தாக்கல் செய்ய வேண்டும்.
2. கொள்முதல் கணக்கை 2பி-யுடன் ஒப்பிட்டு, வித்தியாசங்களை சப்ளையர்களிடம் பேசித் தீர்க்க வேண்டும்.
3. ஜாப் ஒர்க் பில்களையும் டெலிவரி சலான்களையும் சரிபார்க்க வேண்டும்.
4. பேங்க் ரெகன்சிலியேஷன்.
5. ஆண்டுத் தணிக்கையில் ஆடிட்டருக்கு உதவ வேண்டும்.
6. காலக்கெடு நெருக்கடியில் மற்ற பிரிவினரோடும் சப்ளையர்களோடும் இணைந்து வேலை செய்யும் திறன் வேண்டும்.
7. டேலி கட்டாயம். எக்செல் தேர்ச்சியும் ஏற்றுமதி அனுபவமும் இருந்தால் நல்லது.

பென்சிலை எடுத்து முதலில் வினைச்சொற்களுக்கு அடியில் கோடு போடுங்கள். ஐந்தாவது வரியில் ‘உதவ’ என்று இருக்கிறது. அதாவது பொறுப்பு வேறு யாருடையதோ. நீங்கள் லெட்ஜரும் பில்லும் எடுத்துக் கொடுத்தால் போதும். அங்கே வரும் கேள்வி லேசாக இருக்கும். முதல் வரியில் ‘தனியாக’ என்று இருக்கிறது. அந்த ஒரு சொல்லுக்குத்தான் சம்பளம். நம் ஊர்ச் சின்ன நிறுவனங்கள் பலவற்றில் கணக்காளர் எக்செல் ஷீட் தயார் செய்து கொடுப்பார். ரிட்டர்னைத் தாக்கல் செய்வது ஆடிட்டர் ஆபீஸ். ஆகவே முதல் கேள்வியே இப்படித்தான் வரும்: “ரிட்டர்ன் நீங்களே போட்டீங்களா, ஆடிட்டர் ஆபீஸ்ல போட்டாங்களா?” இதற்கு நேர்மையான பதில் இல்லாமல் உள்ளே போகாதீர்கள்.

அடுத்து, இரண்டு முறை வரும் சொல் எது என்று தேடுங்கள். ‘சப்ளையர்’ இரண்டாம் வரியிலும் இருக்கிறது, ஆறாம் வரியிலும் இருக்கிறது. கணக்கு ஒப்பிடத் தெரிந்தவர்கள் ஊரில் நிறையப் பேர். சப்ளையருக்குப் போன் போட்டு, சண்டை வராமல், பில்லை ஏற்ற வைக்கிறவர்கள் குறைவு. இந்த வேலையை விட்டுப் போன ஆள் அந்தப் போனை எடுக்கத் தயங்கியிருக்கலாம். இது ஊகம்தான். ஆனால் அந்த ஊகத்தின் மேல் உங்கள் சிறந்த உதாரணத்தை வைத்தால் வீண் போகாது.

கடைசியாக, நான்காவது வரியைப் பாருங்கள். வினைச்சொல்லே இல்லை. எல்லா விளம்பரத்திலும் இருக்கிறது என்று இதிலும் போட்டிருக்கிறார்கள். அங்கே ஒரு சின்னச் செய்முறைக் கேள்வி வரும்: “செக் கொடுத்தாச்சு, பேங்க்ல இன்னும் பாஸ் ஆகலை. எப்படிக் காட்டுவீங்க?” அரை நிமிடத்தில் முடிந்துவிடும். அதற்கு அரை நாள் தயாரிக்காதீர்கள்.

கேள்வி: ‘குடும்பம் போன்ற நிறுவனம்’ என்று விளம்பரத்தில் போடுகிறார்களே, அதற்கு என்ன கேள்வி வரும்?
— சந்தேகப் பேர்வழி, கரூர்

“ஞாயிற்றுக்கிழமை வர்றதுல சிரமம் ஒண்ணும் இல்லையே?”

கேள்வி: ஒரு வரியிலிருந்து எத்தனை கேள்வி வரும்? ஏதாவது கணக்கு உண்டா?
— அதே ஈரோட்டு வாசகி

மூன்று விதமாகக் கேட்கலாம். தெரியுமா? செய்தீர்களா? வந்தால் என்ன செய்வீர்கள்? எந்த வரியையும் இந்த மூன்றிலும் போட்டுப் பிழியுங்கள். உங்கள் இரண்டாம் வரியை நானே பிழிந்து காட்டுகிறேன்.

‘தெரியுமா’ ரகம்: “2ஏ-க்கும் 2பி-க்கும் என்ன வித்தியாசம்?” 2ஏ, சப்ளையர் பில் ஏற்ற ஏற்ற மாறிக்கொண்டே இருக்கும். 2பி, ஒவ்வொரு மாதமும் 14-ம் தேதி போர்ட்டலில் வரும். அந்த மாதத்துக்கு எடுக்கக்கூடிய வரி வரவுக்கு அதுதான் அடிப்படை. இதை இரண்டு வாக்கியத்தில் சொல்லத் தெரிந்தால் போதும்.

‘செய்தீர்களா’ ரகம்: “வித்தியாசம் வந்து, அதை நீங்க தீர்த்த ஒரு மாசத்தைச் சொல்லுங்க.” இங்கேதான் மூன்று வருட அனுபவம் பேச வேண்டும்.

‘வந்தால்’ ரகம்: “பெரிய சப்ளையர். பில்லை ஏத்தவே மாட்டேங்கிறார். அவரைக் கோபப்படுத்தாதேன்னு முதலாளி சொல்றார். என்ன பண்ணுவீங்க?” இதற்கு ஒரே சரியான விடை கிடையாது. நீங்கள் யாரிடம் முதலில் போவீர்கள், எதை எழுத்தில் வைப்பீர்கள், எப்போது முதலாளிக்குத் தொகையைக் காட்டுவீர்கள் என்ற வரிசையைத்தான் கேட்கிறார்.

ஏழு வரி, வரிக்கு மூன்று என்றால் இருபத்தொரு கேள்வி. பயப்பட வேண்டாம். உதவ, உறுதுணை போன்ற மெல்லிய வரிகளுக்கு ‘தெரியுமா’ மட்டும் போதும். ‘தனியாக’, ‘தீர்க்க’ போன்ற கனமான வரிகளுக்குத்தான் மூன்றும் வரும். வடிகட்டினால் பத்துப் பன்னிரண்டு நிற்கும்.

கேள்வி: “வித்தியாசத்தைத் தீர்த்த மாதம்” என்று கேட்டால் என்ன சொல்வது? மாதாமாதம் செய்கிற வேலை அது. கதையாக ஒன்றுமே ஞாபகம் இல்லை.
— அதே வாசகி (விட மாட்டார் போலிருக்கிறது)

விடக்கூடாது. கேட்டதால்தானே பழைய எக்செல் ஷீட்டைத் திறந்து பார்க்கச் சொல்கிறேன்! ஞாபகத்தில் கதை இருக்காது, ஷீட்டில் இருக்கும். மாதாமாதம் செய்கிற வேலையில் ஏதோ ஒரு மாதம் கையைக் கடித்திருக்கும். அந்த மாதத்தை எடுங்கள்.

நீங்கள் எனக்கு எழுதிய இரண்டாவது கடிதத்தில் ஒரு மாதக் கணக்கை வரிசையில்லாமல் கொட்டியிருந்தீர்கள். அதைத்தான் கீழே அடுக்கியிருக்கிறேன்.

டேலியில் கொள்முதல் மீதான வரி வரவு 8,40,000 ரூபாய். 2பி-யில் காட்டியது 7,92,000. வித்தியாசம் 48,000. அது மூன்று இடத்திலிருந்து வந்தது. ஒரு சப்ளையர் தன் ரிட்டர்னை 11-ம் தேதிக்குப் பிறகு தாக்கல் செய்ததால் 30,000 அடுத்த மாதத்துக்குத் தள்ளிப் போனது. இன்னொருவர் பில்லில் நம் ஜிஎஸ்டி எண்ணை ஓர் எழுத்து மாற்றிப் போட்டதால் 12,000 வேறெங்கோ போனது. மீதி 6,000 உங்கள் ஆபீஸ் தவறு; ஒரே பில்லை டேலியில் இரண்டு முறை ஏற்றியிருந்தீர்கள்.

செய்தது என்ன? அந்த மாதம் 7,92,000 மட்டும் எடுத்தீர்கள். இரட்டைப் பதிவை அன்றே நீக்கினீர்கள். எண்ணை மாற்றிப் போட்டவருக்கு பில் நகலோடு மெயில் அனுப்பி, அவருடைய அடுத்த ரிட்டர்னில் திருத்த வைத்தீர்கள். தாமதமானவரின் தொகை அடுத்த 2பி-யில் தானாக வந்தது. இரண்டு மாதத்துக்குள் 42,000-மும் கைக்கு வந்துவிட்டது.

சொன்னால் ஒன்றரை நிமிடம். இந்தப் பதிலில் என்னைக் கவர்ந்தது 42,000 இல்லை, அந்த 6,000-தான். தன் ஆபீஸ் தவறைத் தானே கண்டுபிடித்தவர் என்று அது சொல்கிறது. அதை மட்டும் விட்டுவிட்டு ‘எல்லாம் சப்ளையர் தவறு’ என்று கதையைத் திருத்தாதீர்கள். கேட்கிறவரும் இந்த வேலை செய்தவர்தான். 48,000 வித்தியாசத்தில் நம் ஆபீஸ் பங்கு பூஜ்யம் என்றால் நம்ப மாட்டார்.

கேள்வி: ஒரு பதில் சொன்னால் அதிலிருந்தே இன்னொரு கேள்வி போடுகிறார்கள். அங்கேதான் மாட்டிக்கொள்கிறேன்.
— இரண்டாம் சுற்றில் திரும்பியவர், சேலம்

முதல் கேள்வி விளம்பரத்திலிருந்து வருகிறது. இரண்டாவது கேள்வி உங்கள் வாயிலிருந்து வருகிறது. எனவே இரண்டாவதையும் நீங்களே முன்கூட்டி அறியலாம்.

மேலே சொன்ன உதாரணத்தையே எடுங்கள். ‘அடுத்த மாதத்துக்குத் தள்ளிப் போனது’ என்று சொன்னால், “எத்தனை மாசம் வரைக்கும் தள்ளலாம்?” என்று வரும். அந்த நிதியாண்டு முடிந்தபின் வரும் நவம்பர் 30, அல்லது ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யும் நாள், இரண்டில் எது முன்னால் வருகிறதோ அதுவரை. ‘எண்ணை மாற்றிப் போட்டுவிட்டார்’ என்றால், “அதை நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்க?” என்று வரும். ‘திருத்த வைத்தேன்’ என்றால், “அவர் மறுத்திருந்தா?” என்று வரும்.

உதாரணத்தை எழுதியபின், அதில் ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் ‘எப்படி?’ என்று ஒரு முறையும் ‘இல்லாவிட்டால்?’ என்று ஒரு முறையும் கேட்டுப் பாருங்கள். பதில் இல்லாத வாக்கியத்தை உதாரணத்திலிருந்து எடுத்துவிடுங்கள். நீங்கள் திறக்காத கதவை அவர் தட்ட மாட்டார்.

கேள்வி: ‘நாங்கள் செய்தோம்’ என்று சொல்வது பணிவு இல்லையா?
— அடக்கமானவர், கோபி

கல்யாண வீட்டில் பணிவு. இன்டர்வியூவில் ‘நாங்கள்’ என்றால் ‘அதில் நீங்க யாரு?’ என்று ஒரு கேள்வி கூடுதலாகச் செலவாகும். விளம்பரம் ‘தனியாக’ என்று கேட்கும்போது நீங்கள் ‘நாங்கள்’ என்று பதில் சொன்னால், அந்த வரியில் மதிப்பெண் விழாது. “ஷீட் போட்டது நான், சப்ளையரிடம் பேசியதும் நான், போர்ட்டலில் தாக்கல் செய்தது ஆடிட்டர்” என்று பிரித்துச் சொல்லுங்கள். பணிவும் இருக்கும், கணக்கும் இருக்கும்.

கேள்வி: எக்செல் ‘இருந்தால் நல்லது’ என்றுதானே போட்டிருக்கிறார்கள்? தெரியாவிட்டாலும் பரவாயில்லைதானே?
— டேலி மட்டும் தெரிந்தவர், அவிநாசி

‘இருந்தால் நல்லது’ என்பதைத் தனியாகப் படிக்காதீர்கள். கட்டாய வரிகளோடு சேர்த்துப் படியுங்கள். இரண்டாம் வரியில் ஒப்பிடல் கட்டாயம் என்று இருக்கிறது. ஒரு மாதத்தில் நானூறு பில். 2பி-யை எக்செலாகத்தான் இறக்குவார்கள். எக்செல் இல்லாமல் அதை விரலால் ஒப்பிடுவீர்களா? ஆகவே ‘நல்லது’ என்று பதுங்கியிருக்கிற எக்செல், இரண்டாம் வரி வழியாகக் கட்டாயமாகிவிட்டது.

கேள்வி எப்படி வரும் தெரியுமா? “விலுக்அப் தெரியுமா?” என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். அதனால் லேப்டாப்பைத் திருப்பி வைத்து இதைக் காட்டுவார்கள்:

```
=VLOOKUP(A2,'2B'!A:C,3,FALSE)
```

“பில் இரண்டு பக்கமும் இருக்கு. ஆனா `#N/A` வருது. ஏன்?” செய்தவருக்குச் சிரிப்பு வரும், படித்தவருக்கு வேர்க்கும். நம் டேலியில் பில் எண் 145. சப்ளையர் ஏற்றியது 0145, அல்லது பின்னால் ஒரு வெற்றிடத்தோடு 145. கண்ணுக்கு இரண்டும் ஒன்று, எக்செலுக்கு வேறு வேறு. வெற்றிடத்துக்கு `TRIM` உண்டு. மற்றதற்கு சப்ளையர் ஜிஎஸ்டி எண்ணையும் தொகையையும் சேர்த்து ஒப்பிட வேண்டும். இதைச் சொன்னவருக்கு எக்செல் சான்றிதழ் கேட்க மாட்டார்கள்.

கேள்வி: ஜாப் ஒர்க் வரியும் ஏற்றுமதி வரியும் எனக்குச் சுத்தமாகப் பொருந்தவில்லை. பெயின்ட் கடையில் ஏது ஜாப் ஒர்க்? விண்ணப்பிக்கவே வேண்டாமா?
— மீண்டும் ஈரோட்டு வாசகி

ஏழில் ஐந்து வரி பொருந்துகிறது, போங்கள். ஆனால் பொருந்தாத இரண்டையும் ஒரே மாதிரி கையாளாதீர்கள். ஏற்றுமதி ‘இருந்தால் நல்லது’. ஜாப் ஒர்க் அப்படி இல்லை. அது கட்டாய வரி.

ஏற்றுமதிக்கு ஒரு மாலைப்பொழுது போதும். வரி கட்டாமலே ஏற்றுமதி செய்ய எல்யுடி என்றோர் உறுதிமொழி கொடுக்கிறார்கள், அதை நிதியாண்டுக்கு ஒரு முறை புதிதாகக் கொடுக்க வேண்டும், தேங்கும் வரி வரவை ரீஃபண்டாகக் கேட்கலாம். இவ்வளவு தெரிந்தால் ‘தெரியுமா’ ரகத்தைத் தாண்டிவிடலாம். ‘செய்தீர்களா’ என்றால் ‘இல்லை’ என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுங்கள்.

ஜாப் ஒர்க்குக்கு அது போதாது. திருப்பூரில் துணி ஓரிடத்தில் உட்காராது. நிட்டிங்குக்குப் போகும், சாயத்துக்குப் போகும், காம்பாக்டிங்குக்குப் போகும், பிரின்டிங்குக்குப் போகும். ஒவ்வொரு முறையும் டெலிவரி சலானோடு போய், கூலி பில்லோடு திரும்பும். போன எடையும் வந்த எடையும் ஒன்றாக இருக்காது. எனவே கேள்வி இப்படி வரும்: “சாயத்துக்கு 500 கிலோ போச்சு, 480 கிலோ வந்துச்சு. பில்லை பாஸ் பண்ணுவீங்களா?”

பதில் தெரியாதவர் ‘பண்ணுவேன்’ என்பார் அல்லது ‘மாட்டேன்’ என்பார். யோசிக்கிறவர் திருப்பிக் கேட்பார்: பேசிய சேதாரம் எத்தனை சதவீதம்? கூலி போன எடைக்கா, வந்த எடைக்கா? மீதி 20 கிலோ பட்டறையிலேயே இருக்கிறதா, இன்னொரு சலானில் வருகிறதா? இந்த மூன்று கேள்விக்கும் ஜாப் ஒர்க் அனுபவம் வேண்டாம். கடைக்கு வந்த சரக்கை பில்லோடு எண்ணிப் பார்த்த அனுபவம் போதும். பெயின்ட் டின் உடைந்து வந்தபோது, லாரிக்காரர் கையெழுத்து வாங்கி டெபிட் நோட் போட்டிருப்பீர்களே, அதுதான் உங்கள் உதாரணம்.

சொல்லும் வரிசை முக்கியம். “ஜாப் ஒர்க் பில் நேரடியாகப் பார்த்ததில்லை. வந்த சரக்கையும் பில்லையும் ஒப்பிட்டுக் குறைவைப் பிடித்திருக்கிறேன், இப்படி. சலான்படி போன துணி ஒரு வருடத்துக்குள் திரும்ப வேண்டும் என்பதும், அதற்கு ஐடிசி-04 என்ற படிவம் உண்டு என்பதும் படித்தேன்.” முதலில் இல்லை, பிறகு பக்கத்தில் இருப்பது, கடைசியில் படித்தது. இதைத் தலைகீழாகச் சொன்னால் படித்ததைச் செய்ததாகக் காட்டுவது போலாகிவிடும். இரண்டாவது கேள்வியில் சாயம் வெளுத்துவிடும். சாயப்பட்டறைக்காரர்களிடமே வெளுக்கலாமா?

கேள்வி: ‘நெருக்கடியில் பணிபுரியும் திறன்’ என்பதற்கு “நான் நெருக்கடியை விரும்புகிறேன்” என்று சொன்னேன். சிரித்தார்கள். ஏன்?
— வேலை கிடைக்காதவர், திண்டுக்கல்

நெருக்கடியை விரும்புகிறவர் டவுன் பஸ்ஸில் போகலாம், ஆபீசுக்கு வர வேண்டாம்.

அந்த வரிக்கு அகராதி பார்க்காதீர்கள், காலண்டர் பாருங்கள். மாதாமாதம் ரிட்டர்ன் போடும் கம்பெனியில் 7-ம் தேதி டிடிஎஸ் கட்ட வேண்டும். 11-ம் தேதி விற்பனை ரிட்டர்ன். 14-ம் தேதி 2பி வரும். 15-ம் தேதி பிஎஃப், இஎஸ்ஐ. 20-ம் தேதி 3பி. கொள்முதலை ஒப்பிட்டு, சப்ளையரைத் துரத்தி, வரி கட்ட உங்களுக்குக் கிடைப்பது 14-க்கும் 20-க்கும் இடையே ஆறே நாள். நடுவில் பெரும்பாலும் ஒரு ஞாயிறு வரும். விளம்பரம் ‘நெருக்கடி’ என்று சொல்வது அந்த ஆறு நாளைத்தான்.

ஆகவே உண்மையான கேள்வி: “14-லிருந்து 20 வரைக்கும் உங்க வேலை எப்படிப் போகும்?” பதிலும் தேதியோடு வர வேண்டும். “14 அன்று இறக்கி, அன்று மாலைக்குள் பெரிய தொகை வித்தியாசங்களைப் பிரித்துவிடுவேன். 15, 16 சப்ளையர்களிடம் பேசுவேன். அதற்குமேல் வராததை அடுத்த மாதத்துக்குத் தள்ளி, 18 அன்று கட்ட வேண்டிய தொகையை முதலாளியிடம் சொல்லிவிடுவேன். பணம் ஏற்பாடு செய்ய அவருக்கும் இரண்டு நாள் வேண்டும்.” அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டபின் எந்த முதலாளியும் சிரிக்க மாட்டார். வேறு வேலைக்குப் போகிறவர்களும் இப்படியே தேடலாம்: அந்தத் தொழிலில் நெருக்கடிக்கு ஒரு தேதியோ, நேரமோ, சீசனோ இருக்கும்.

கேள்வி: எனக்கு அனுபவமே இல்லை. வரி, கேள்வி, உதாரணம் என்று மூன்று பத்தி போட்டால் மூன்றாவது பத்தி காலியாக இருக்கிறது.
— முதல் வேலை தேடுபவர், தாராபுரம்

மூன்று பத்தி என்று சரியாகப் பிடித்துவிட்டீர்கள். ஒரு முழுத் தாளில் இடது பக்கம் விளம்பர வரி, நடுவில் வரக்கூடிய கேள்வி, வலப்பக்கம் என் உதாரணம். வலப்பக்கம் காலி என்கிறீர்கள். அங்கே சம்பளம் வாங்கிய வேலைதான் வர வேண்டும் என்று சட்டம் இல்லை. மாமாவின் மளிகைக் கடையில் கடன் நோட்டைச் சரிபார்த்தது, ஆடிட்டர் ஆபீசில் ஒரு மாதம் வவுச்சர் ஏற்றியது, கல்லூரி விழா வசூலுக்குக் கணக்குக் கொடுத்தது எல்லாம் வரலாம். ஒரு நிபந்தனை: எண்ணிக்கை இருக்க வேண்டும், ஒரு தவறு இருக்க வேண்டும், அதை நீங்கள் என்ன செய்தீர்கள் என்பது இருக்க வேண்டும். “விழா வசூலில் 1,200 ரூபாய் உதைத்தது, ரசீதுப் புத்தகத்தை எண்ணிப் பார்த்ததில் ஒரு கட்டு யார் பையிலோ இருந்தது” என்பது நல்ல உதாரணம். “பொறுப்பாக நடந்துகொண்டேன்” என்பது உதாரணமே இல்லை.

கேள்வி: ஏழு வரிக்கு ஏழு கதை மனப்பாடம் செய்ய வேண்டுமா?
— ஞாபகசக்தி குறைந்தவர், காங்கேயம்

வேண்டாம். ஈரோட்டு வாசகியின் 48,000 ரூபாய் கதையைப் பாருங்கள். இரண்டாம் வரிக்குப் பொருந்துகிறது. சப்ளையரிடம் பேசியதைப் பெரிதாகச் சொன்னால் ஆறாம் வரிக்கும் பொருந்துகிறது. எக்செலில் கண்டுபிடித்த விதத்தைச் சொன்னால் ஏழாம் வரிக்கும் பொருந்துகிறது. உடைந்த டின் கதை மூன்றாம் வரிக்கு. ஆடிட்டர் கேட்டு ஒரு பழைய பில்லைத் தேடிய கதை ஐந்துக்கு. மூன்று, நான்கு கதை போதும். ஒவ்வொன்றையும் எந்த வாசல் வழியாகத் தொடங்குவது என்றுதான் பழக வேண்டும். ஒரே கதையை ஒரே இன்டர்வியூவில் இரண்டு முறை சொல்லிவிடாதீர்கள். “முன்னே சொன்னேனே, அந்த மாதம்தான்” என்று தொட்டுவிட்டு நகருங்கள்.

கேள்வி: உதாரணம் சொல்லும்போது பழைய கம்பெனித் தொகைகளைச் சொல்லலாமா?
— பயந்தவர், நாமக்கல்

வித்தியாசத் தொகையைச் சொல்லலாம். சப்ளையர் பெயர், விற்பனை மொத்தம், லாபம் வேண்டாம். பழைய முதலாளியின் ரகசியத்தை இங்கே கொட்டுகிறவர் நாளை நம் ரகசியத்தை எங்கே கொட்டுவார் என்று எதிரே இருப்பவர் யோசிப்பார். அவரும் கணக்குப்பிள்ளைதானே.

கேள்வி: நீங்கள் எப்போதாவது விளம்பரத்தைச் சரியாகப் படிக்காமல் மாட்டியதுண்டா?
— குறும்புக்காரர், ஊத்துக்குளி

உண்டு. இளம் வயதில் ஒரு கம்பெனி ‘ஸ்டோர்ஸ் கணக்கு’ என்று விளம்பரம் போட்டிருந்தது. ‘கணக்கு’ மட்டும் என் கண்ணில் பட்டது. பேரேடு, ஐந்தொகை எல்லாம் ஒப்பித்துக்கொண்டு போனேன். உட்கார்ந்ததும் அவர் கேட்டது: “நூல் மூட்டை ஒண்ணுக்கு எத்தனை கோன்?” நான் ஐந்தொகையைச் சொல்லப் பார்த்தேன். அவர் வாசலைப் பார்த்தார். அன்றிலிருந்து தலைப்பிலேயே பென்சில் வைக்கிறேன்.

கேள்வி: விளம்பரமே எங்கிருந்தோ வெட்டி ஒட்டியதாக இருந்தால்?
— விவரமானவர், கோவை

எப்படித் தெரியும் என்றால், அந்த வரிகளை எந்தத் தொழிலுக்கும் மாட்டலாம். சரக்கின் பெயரோ, படிவத்தின் பெயரோ, சாஃப்ட்வேர் பெயரோ ஒன்றும் இருக்காது. ‘துடிப்பான இளைஞர்கள், குழு உணர்வு, இலக்கு நோக்கு’ என்று இருக்கும். அதிலிருந்து கேள்வியை ஊகித்தால் காற்றில் கணக்குப் போட்ட மாதிரிதான்.

அப்போது இன்டர்வியூவுக்கு அழைக்கிறவரிடம் போனிலேயே இரண்டு கேள்வி கேளுங்கள். “இந்த வேலையில் இருப்பவர் யாரிடம் ரிப்போர்ட் செய்வார்?” “முதல் மூன்று மாதத்தில் முக்கியமாக எந்த வேலை முடிய வேண்டும்?” ஹெச்ஆர் ஆள் என்றாலும் இதற்குப் பதில் இருக்கும். ‘நேரா முதலாளிகிட்ட’ என்றால் பணம், தேதி, சப்ளையர் பற்றிய கேள்விகள் வரும். ‘ஃபைனான்ஸ் மேனேஜர்கிட்ட’ என்றால் படிவம், ஒப்பீடு, எக்செல் வரும். ‘தேங்கிப்போன ஒப்பீட்டை முடிக்கணும்’ என்றால், ஈரோட்டு வாசகியின் இரண்டாம் வரி உங்களுக்கும் கிடைத்துவிட்டது.

கேள்வி: கடைசியில் “உங்களுக்கு ஏதாவது கேள்வி இருக்கிறதா?” என்கிறார்கள். இதையும் விளம்பரத்திலிருந்து எடுக்கலாமா?
— ஈரோட்டு வாசகி (இதுதான் கடைசி என்கிறார்)

அங்கேயிருந்துதான் எடுக்க வேண்டும். விளம்பரத்தில் தெளிவில்லாத ஒரு சொல்லை மிச்சம் வைத்திருங்கள். உங்களுக்கு அது முதல் வரியிலேயே இருக்கிறது: “தனியாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று போட்டிருக்கிறீர்கள். தாக்கலுக்கு முன் ஒரு முறை யாராவது பார்ப்பார்களா, இல்லை, முழுக்க என் பொறுப்பா?”

“யாரும் பார்க்க மாட்டாங்க, எல்லாம் நீங்கதான்” என்று பதில் வந்தால், ஏழு வரியிலும் எழுதாத எட்டாவது வரியைப் படித்துவிட்டீர்கள். தவறு நேர்ந்தால் யார் தலை என்பது அதில் இருக்கிறது. சம்பளம் பேசும்போது அந்த வரியையும் கூட்டிக்கொள்ளுங்கள்.